புரோநோட்டு எப்ப காலாவதி ஆகும்? கடைசி வரவுல இருந்து நாள் எண்ணறது எப்படின்னு முழுசா பாப்போம்

வக்கீல் ஆபீஸ்ல கொஞ்ச வருஷம் குமாஸ்தாவா இருந்தவன் நான். நோட்டை எடுத்துட்டு வர்றவங்க பாதிப் பேரு வாசல்லயே சொல்ற முதல் வார்த்தை "சார் போன வருஷம்கூட வட்டி குடுத்தான், அதனால டைம் இருக்கு"ங்கறதுதான். நோட்டைத் திருப்பிப் பாத்தா பின்பக்கம் காலியா இருக்கும், இல்லன்னா கடன் குடுத்தவரே தன் கையால "வரவு 10,000"னு எழுதி தன் கையெழுத்தையே போட்டு வச்சிருப்பாரு. ரெண்டும் ஒண்ணுதான், காலக்கெடுவை நீட்டறதுக்கு ரெண்டுக்கும் கோர்ட்ல மதிப்பு கிடையாது. அதனால இந்தியச் சட்டப்படி, அதாவது லிமிட்டேஷன் ஆக்ட் 1963 படி, ஒரு சாதாரண ஆன்-டிமாண்ட் புரோநோட்டுக்கு, "கேக்கும்போது தர்றேன்"னு எழுதற நோட்டுக்கு, காலக்கெடு எப்படி எண்ணணும்னு மட்டும் இதுல சொல்றேன். அடமானம், பேங்க் லோன் இதெல்லாம் வேற கணக்கு, கலந்தா குழப்பம்தான் வரும்.

முதல்ல நோட்டோட முன்பக்கத்துல இருக்கற தேதி

ஆன்-டிமாண்ட் நோட்டுக்கு 3 வருஷம். அது ஆரம்பிக்கறது நோட்டு எழுதின தேதியில இருந்து. அந்தச் சட்டத்தோட ஷெட்யூல்ல 35-வது ஆர்ட்டிகிள் இதைத்தான் சொல்லுது. ஆனா நிறைய பேரு "நான் பணத்தைத் திருப்பிக் கேட்ட அன்னிக்கி இருந்துதானே எண்ணணும், அவன் தரமாட்டேன்னு சொன்னதே போன மாசம்தானே"ன்னு நினைக்கறாங்க. கிடையாது. கேட்டா தரணும்னு எழுதியிருக்கற கடன் எழுதின நிமிஷத்துல இருந்தே கேக்கக்கூடிய கடன்தான், அதனால கடிகாரம் அன்னிக்கே ஓட ஆரம்பிச்சிடுது, நீங்க கேட்டீங்களா இல்லையாங்கறது அதுக்கு சம்பந்தமே இல்ல.

"இந்த தேதிக்குள்ள தர்றேன்"னு கெடு போட்டு எழுதின நோட்டா இருந்தா கெடு முடியற தேதியில இருந்துதான் 3 வருஷம். தவணை தவணையா கட்டற மாதிரி எழுதியிருந்தா ஒவ்வொரு தவணைக்கும் அதது விழற தேதியில இருந்து தனித்தனியா எண்ணணும். ஒரு தவணை தவறினாலே மொத்தமும் உடனே தரணும்னு எழுதியிருந்தா அது திரும்ப வேற மாதிரி போகும். அதனால எண்ண ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நோட்டு வாசகத்தை ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க. வாசகம் சுருக்கமா இருக்கறதாலயே யாரும் படிக்கறதில்ல.

எழுதின நாளை எண்ணிக்கையில சேக்கக்கூடாது, இது செக்‌ஷன் 12. 10.06.2014-ல எழுதின நோட்டுக்கு 10.06.2017 தான் கடைசி நாள், அன்னிக்கி ஃபைல் பண்ணினா செல்லும், 11-ம் தேதி போனா போச்சு. கடைசி நாள் ஞாயித்துக்கிழமை இல்ல கோர்ட் லீவுன்னா, கோர்ட் திறக்கற அன்னிக்கி போட்டா ஏத்துக்குவாங்க, அது செக்‌ஷன் 4. ஆனா அதை நம்பி கடைசி நாள் வரைக்கும் உக்காந்திருக்கறவரோட தைரியம் எனக்கு வராது.

இன்னொரு சின்ன விஷயம். பழைய நோட்டுல சில சமயம் ஆடி மாசம் 12-ம் தேதின்னு தமிழ்த் தேதி போட்டிருப்பாங்க. சட்டம் ஆங்கில காலண்டர்படிதான் எண்ணும், செக்‌ஷன் 24 அதைத் தெளிவா சொல்லுது. அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பாத்து ஆங்கிலத் தேதியை முதல்ல பென்சில்ல ஓரமா குறிச்சு வச்சுக்கோங்க, ஆனா நோட்டு மேல இல்ல, தனிப் பேப்பர்ல. நோட்டு மேல ஒரு கோடு கூட நீங்களா போடக்கூடாது, அப்பறம் "திருத்தியிருக்காங்க"ன்னு எதிர் வக்கீல் அதையே பிடிச்சுக்குவாரு.

அடுத்து பின்பக்கம்

இங்கதான் "கடைசியா பணம் குடுத்த தேதி" வருது. செக்‌ஷன் 19 என்ன சொல்லுதுன்னா, காலக்கெடு முடியறதுக்கு முன்னாடி கடன்காரர், அதாவது கடன் வாங்கினவர், அசல்லயோ வட்டியிலயோ கொஞ்சம் குடுத்தா, குடுத்த தேதியில இருந்து புது 3 வருஷம் கிடைக்கும். எவ்வளவு குடுத்தாருங்கறது பிரச்சனையே இல்ல, நூறு ரூபாயா இருந்தாலும் சரி. ஆனா ஒரு நிபந்தனை இருக்கு, அந்தப் பணம் குடுத்ததை கடன்காரர் தன் கையாலயே எழுதியிருக்கணும், இல்ல வேற யாராவது எழுதி அதுக்குக் கீழ கடன்காரர் கையெழுத்து போட்டிருக்கணும். கடன் குடுத்தவர் எழுதி அவரே கையெழுத்து போட்டா அது ரசீது, அதை வச்சு காலக்கெடு நீளாது.

இதைத்தான் ஜனங்க தலைகீழா புரிஞ்சுக்கறாங்க. பணம் வாங்கினவர்தானே ரசீது தரணும், அப்ப வாங்கினவர்தானே கையெழுத்து போடணும்னு மனசுல ஓடுது. ரசீதுக்கு அது சரி. ஆனா இங்க நோக்கம் வேற, கடன்காரர் "ஆமா எனக்கு இந்தக் கடன் இருக்கு, அதுல இவ்வளவு தர்றேன்"னு தானே ஒத்துக்கறதுக்குத்தான் சட்டம் புது 3 வருஷம் தருது. அப்ப அவர் கைதான் பேப்பர்ல இருக்கணும். எழுதப் படிக்கத் தெரியாதவரா இருந்தா கைநாட்டு வைக்கலாம், எழுதினவர் பேரு, சாட்சி ரெண்டு பேரு இருந்தா பின்னால நிரூபிக்க சுலபம்.

பின்பக்கம் எப்படி எழுதணும்னா ரொம்ப சிம்பிள். ஒரு ஆபீஸ்ல எப்பவும் எழுத வைக்கற வாசகம் இது:

"மேற்படி புரோநோட்டு கடனில் வட்டி வகைக்கு இன்று 20.12.2015 ரொக்கமாக ரூ. 18,000 (ரூபாய் பதினெட்டாயிரம்) செலுத்தியுள்ளேன்."

இதுக்குக் கீழ கடன்காரர் கையெழுத்து, அவ்வளவுதான். தேதி கட்டாயம், தேதிதான் எல்லாமே. தேதி இல்லாம கையெழுத்து மட்டும் வாங்கி வச்சா அப்பறம் "இது எப்ப போட்டது"ன்னு சாட்சியை வச்சு நிரூபிக்க நேரிடும், தேவையில்லாத தலைவலி. ஏற்கனவே எழுதின வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவுல காலி இடம் விடாதீங்க, அதே மாதிரி ஒரு வரவு எழுதினதும் அடுத்த வரவுக்கு இடம் பாத்து எழுதுங்க. நான் பாத்த ஒரு நோட்டுல மூணாவது வரவு ரெண்டு வரிக்கு நடுவுல சின்ன எழுத்துல நுழைச்சு எழுதியிருந்துச்சு, வேற மை வேற, கடன்காரர் அது என் கையெழுத்தே இல்லன்னு சொல்லிட்டாரு, கையெழுத்து நிபுணருக்கு அனுப்பி அறிக்கை வர்றதுக்குள்ள கேஸ் எங்கயோ போயிடுச்சு. உண்மையா குடுத்த பணமா இல்லையான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது, ஆனா அந்த எழுத்தைப் பாத்தா யாருக்கும் சந்தேகம்தான் வரும்.

செக்கா குடுத்தா? செக்குல கடன்காரர் கையெழுத்து ஏற்கனவே இருக்கு, அது பாஸ் ஆச்சுன்னா செக்‌ஷன் 19-க்குத் தேவையான எழுத்து கிடைச்ச மாதிரிதான். சுப்ரீம் கோர்ட் 1967-லயே இதைப் பாத்து, பின்தேதி போட்ட செக்கா இருந்தா செக்கை கைல குடுத்த நாள் இல்ல, செக்குல எழுதியிருக்கற தேதிதான் பணம் குடுத்த தேதின்னு சொல்லியிருக்கு. அதனால செக் காப்பியும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் சேத்து வைங்க. ஆனா ஃபோன்ல அனுப்பற பணம், பேங்க் டிரான்ஸ்ஃபர் இதுல பேனா கையெழுத்து கிடையாது, "இது கடனுக்குத்தான் அனுப்பினேன்னு எங்க எழுதியிருக்கு"ன்னு கேள்வி வரும், வாதம் நடக்கும். டிரான்ஸ்ஃபர் வந்த அன்னிக்கே நோட்டு பின்பக்கம் வரவு எழுதி கையெழுத்து வாங்கிட்டா அந்த வாதத்துக்கே இடமில்ல.

பணம் குடுக்காமலே கெடு நீளறது

பணமே தராம "உங்களுக்கு நான் இவ்வளவு தரணும்"னு கடன்காரர் ஒரு லெட்டர் எழுதி கையெழுத்து போட்டாலும் அந்தத் தேதியில இருந்து புது 3 வருஷம் வரும், இது செக்‌ஷன் 18. இதுலயும் அதே கண்டிஷன், பழைய கெடு முடியறதுக்கு முன்னாடி எழுதியிருக்கணும். வேடிக்கை என்னன்னா, "கடன் இருக்கறது உண்மை, ஆனா இப்ப தர முடியாது"ன்னு மறுத்து எழுதினாலும் அது ஒத்துக்கிட்டதாத்தான் ஆகும். கடன்காரங்க பதில் லெட்டர் எழுதும்போது இதுலதான் மாட்டிக்குவாங்க.

வாயால சொன்னது எதுவும் கணக்குல வராது, நாலு பேரு முன்னாடி சத்தியம் பண்ணினாலும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாலும் வராது. இது ரொம்பப் பேருக்கு தெரியறதில்ல, நோட்டீஸ் அனுப்பியாச்சு இனிமே டைம் நின்னுடும்னு நினைச்சு உக்காந்துடறாங்க. நோட்டீஸ் உங்க பக்கத்துல இருந்து போறது, கெடு நீளறதுக்கு எழுத்து அவங்க பக்கத்துல இருந்து வரணும். ஓட ஆரம்பிச்ச கடிகாரம் உங்க நோட்டீஸுக்காக நிக்காது, அதை நிறுத்தறது கேஸ் ஃபைல் பண்றது மட்டும்தான்.

இப்ப ஒரு நோட்டை எடுத்து எண்ணிப் பாப்போம்

நோட்டு தேதி 04.07.2014, தொகை 3,00,000, ஆன்-டிமாண்ட். கடன் குடுத்தவர் சொல்றது, மூணு தடவை பணம் வந்துச்சு, கடைசியா வந்தது 02.03.2019, அப்ப 02.03.2022 வரைக்கும் டைம் இருக்கு. இவர் கடைசி வரவைப் பாத்து மூணு வருஷம் கூட்டிட்டாரு. அப்படி எண்ணக்கூடாது, முன்னால இருந்து ஒவ்வொரு படியா ஏறணும், ஏன்னா நடுவுல ஒரு படி உடைஞ்சா அதுக்கு மேல இருக்கற படி எல்லாம் அந்தரத்துல தொங்கும்.

முதல் படி, நோட்டு தேதி 04.07.2014, கெடு 04.07.2017.

ரெண்டாவது, 20.12.2015-ல வட்டிக்கு 18,000, பின்பக்கம் மேல சொன்ன வாசகத்தோட கடன்காரர் கையெழுத்து இருக்கு. இது 04.07.2017-க்கு முன்னாடி வந்திருக்கு, எழுத்தும் சரியா இருக்கு. புதுக் கெடு 20.12.2018. பழைய கெடுவுல மிச்சம் இருந்த நாளை இதோட கூட்டக்கூடாது, அது போச்சு, வரவு தேதியில இருந்து புதுசா 3 வருஷம் அவ்வளவுதான்.

மூணாவது, 11.09.2017-ல 10,000 ரொக்கம். இது வந்ததா கடன் குடுத்தவர் தன் டைரில எழுதி வச்சிருக்காரு, கடன்காரர் கையெழுத்து எங்கயும் இல்ல. உண்மையாவே பணம் வந்திருக்கலாம், கடன் தொகையில அதைக் கழிச்சுக்கணும், ஆனா கெடு நீளாது. கெடு இன்னும் 20.12.2018 தான்.

நாலாவது, 02.03.2019-ல 5,000, பின்பக்கம் அழகா வரவு எழுதி கடன்காரர் கையெழுத்து. எழுத்து எல்லாம் சரி, ஆனா தேதி 20.12.2018-ஐத் தாண்டி ரெண்டு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு. செத்துப்போன கெடுவை செக்‌ஷன் 19 உயிர்ப்பிக்காது, உயிரோட இருக்கறதைத்தான் நீட்டும். அப்ப இந்த நோட்டு 20.12.2018 அன்னிக்கே முடிஞ்சுது.

இப்ப ஒரே ஒரு விஷயத்தை மாத்திப் பாருங்க. 11.09.2017 வரவுக்கு அந்த டைரிலயாவது, நோட்டு பின்னாலயாவது, கடன்காரர் ஒரு கையெழுத்து போட்டிருந்தா கெடு 11.09.2020-க்குப் போயிருக்கும், அதுக்குள்ள 02.03.2019 வரவு வந்துடுது, அப்ப கெடு 02.03.2022. அதுக்கு மேல கொரோனா காலம் வேற வருது. சுப்ரீம் கோர்ட் 15.03.2020-ல இருந்து 28.02.2022 வரைக்கும் இருந்த நாட்களை எண்ணிக்கையில இருந்தே கழிக்கச் சொல்லிடுச்சு. அதாவது 15.03.2020 அன்னிக்கி உங்களுக்கு எவ்வளவு நாள் மிச்சம் இருந்துச்சோ அதை 01.03.2022-ல இருந்து திரும்ப எண்ணணும். நம்ம நோட்டுக்கு அன்னிக்கி ரெண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மியா மிச்சம் இருந்துச்சு, அதை 01.03.2022-ல இருந்து எண்ணினா 2024 பிப்ரவரி நடுவுல, 16-ம் தேதி வாக்குல முடியும். ஒரு கையெழுத்து இல்லாததால 2024-ல முடிய வேண்டியது 2018-லயே முடிஞ்சுது.

இந்த மாதிரி ஒரு அட்டவணை போட்டுக்கோங்க, மூணு கட்டம் போதும், வரவு தேதி, கடன்காரர் கை அதுல இருக்கா, அன்னிக்கி பழைய கெடு உயிரோட இருந்துச்சா. மூணுல ஒண்ணுக்கு இல்லன்னு வந்தா அந்த வரவை அடிச்சுட்டு முந்தின கெடுவையே வச்சு அடுத்த வரிக்குப் போகணும்.

ரெண்டு பேரு சேந்து எழுதின நோட்டு

அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட நோட்டுல, தம்பி மட்டும் வந்து வட்டி கட்டி வரவு எழுதினா, அந்த வரவு தம்பிக்கு மட்டும்தான் கெடுவை நீட்டும். அண்ணனுக்கு அவரோட கெடு தனியா ஓடிக்கிட்டே இருக்கும், செக்‌ஷன் 20 இதைத்தான் சொல்லுது. அண்ணன் சொல்லி, அண்ணனுக்கும் சேத்துத்தான் தம்பி கட்டினாருன்னு நிரூபிச்சா வேற. அதனால இந்த மாதிரி நோட்டுக்கு அந்த அட்டவணையை ஆளுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா போடணும். நிறைய கேஸ்ல வசதியான ஆள் தப்பிச்சு, கையில ஒண்ணும் இல்லாத ஆள் மேல மட்டும் டிக்ரி கிடைக்கறது இதனாலதான்.

கெடு தாண்டினதுக்கு அப்பறம்

கெடு தாண்டினா கடனே இல்லாம போயிடறதில்ல, கோர்ட் மூலமா வசூல் பண்ற வழிதான் அடைபடுது. கடன்காரர் தானா மனசு வந்து குடுத்தா வாங்கிக்கலாம், குடுத்துட்டு "காலாவதி ஆன கடனுக்குக் குடுத்துட்டேன் திருப்பிக் குடு"ன்னு கேக்க முடியாது.

இன்னொரு வழி இருக்கு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, செக்‌ஷன் 25(3) படி, காலாவதி ஆன கடனை "தர்றேன்"னு புதுசா எழுதி கையெழுத்து போட்டா அது புது ஒப்பந்தம், அதை வச்சு கேஸ் போடலாம். இங்க "தர வேண்டியிருக்கு"ன்னு ஒத்துக்கறது போதாது, "தர்றேன்"ங்கற வாக்கு இருக்கணும். மேல பாத்த 02.03.2019 வரவுல வெறும் "5,000 செலுத்தினேன்"னு மட்டும் இல்லாம "மீதிப் பணம் முழுவதையும் தருகிறேன்"னு ஒரு வரி இருந்திருந்தா கதையே மாறியிருக்கும். நோட்டை மாத்தி எழுதி வாங்கறதும் இதே வேலையைத்தான் செய்யுது.

கடன் வாங்கினவங்க பக்கத்துல இருந்து பாத்தா, பழைய கடனுக்கு "சும்மா ஒரு கையெழுத்து போடுப்பா, கணக்கு நேர் பண்ணிக்கலாம்"னு யாராவது பேப்பர் நீட்டினா கையெழுத்துக்கு முன்னாடி அந்த அட்டவணையைப் போட்டுப் பாருங்க. தேதியும் வாசகமும்தான் உங்க தலையெழுத்தை மாத்தும்.

ஃபைல் பண்ணும்போது

கெடு வரவை வச்சு நீண்டிருக்குன்னா பிராதுல அதைத் தெளிவா எழுதியே ஆகணும், எந்தத் தேதியில எவ்வளவு வரவு, யார் கையெழுத்துன்னு ஒவ்வொண்ணா. சிவில் நடைமுறைச் சட்டத்துல ஆர்டர் 7 ரூல் 6 அதைக் கேக்குது. எதிர்த்தரப்பு காலாவதின்னு சொல்லாம விட்டாலும் கோர்ட் தானாவே எண்ணிப் பாத்து தள்ளுபடி பண்ணும், செக்‌ஷன் 3-ல அது கோர்ட்டோட கடமையாவே இருக்கு. அப்பீல் மாதிரி "தாமதத்தை மன்னிங்க"ன்னு மனு போட்டுக்கலாம்னு நினைக்காதீங்க, அந்த செக்‌ஷன் 5 அப்பீலுக்கும் மனுவுக்கும்தான், புதுசா போடற வழக்குக்குக் கிடையாது. ஒரு நாள் லேட்டானாலும் நோட்டு வெறும் பேப்பர்தான், அதனால நான் இருந்த ஆபீஸ்ல நோட்டு கைக்கு வந்ததும் முதல் வேலை கேஸ் கட்டு அட்டை மேல சிவப்பு மையில கெடு தேதியை எழுதறது, அதுக்குக் கீழ அதுக்கு 30 நாள் முந்தின தேதியையும் எழுதிடுவோம், ஃபைல் பண்றது எப்பவுமே அந்த ரெண்டாவது தேதிக்குத்தான்.